ஏழு மைல் எங்கே போயிற்று?

அமெரிக்காவின் ‘மோட்டார் ட்ரெண்ட்’ இதழ் 1974-ல் 32 கார்களைப் பற்றிய விவரங்களை வெளியிட்டது. எல்லாமே 1973, 74 மாடல்கள். ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல், எடை எவ்வளவு, எஞ்சினின் குதிரைத்திறன் என்ன, கியர் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று ஒவ்வொரு காருக்கும் சில எண்கள். 1981-ல் ஹென்டர்சன், வெல்மன் என்ற இருவர் ‘பயோமெட்ரிக்ஸ்’ ஆய்விதழில் ரிக்ரெஷன் பற்றி எழுதிய கட்டுரைக்கு இந்த விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். இன்று R மென்பொருளை நிறுவும் எவருக்கும் அந்தப் பட்டியல் mtcars என்ற பெயரில் கூடவே வந்துவிடுகிறது. உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இதில்தான்.

இந்தப் பட்டியலிடம் கேட்கத் தோன்றும் எளிய கேள்வி ஒன்று உண்டு: மேனுவல் கியர் கார் அதிக மைலேஜ் தருமா? 19 ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி 17.15 மைல். 13 மேனுவல் கார்களின் சராசரி 24.39 மைல். வித்தியாசம் 7 மைலுக்கும் மேல். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது போலத்தான் தெரிகிறது.

அதே 32 கார்களை வைத்துக்கொண்டு, R-ல் கூடுதலாக ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த 7 மைல் பூஜ்யமாகிவிடுகிறது. இன்னொரு சொல்லைச் சேர்த்தால் 2 மைலாகத் திரும்பி வருகிறது. கார்கள் மாறவில்லை, கணக்கிலும் பிழை இல்லை. மூன்று விடைகளும் சரியானவைதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். பன்மாறி ரிக்ரெஷனின் அட்டவணையைப் படிக்கத் தெரிவது என்றால், எந்த எண் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பிரித்தறிவதுதான்.

R-ல் இதற்கு மூன்று வரிகள் போதும்.

```r
m1 <- lm(mpg ~ am, data = mtcars)
m2 <- lm(mpg ~ am + wt, data = mtcars)
m3 <- lm(mpg ~ am + wt + hp, data = mtcars)
```

mpg என்பது மைலேஜ். am என்பது கியர்: ஆட்டோமேட்டிக்குக்கு 0, மேனுவலுக்கு 1. wt என்பது எடை, ஆனால் ஆயிரம் பவுண்டு கணக்கில், அதாவது 3.2 என்று இருந்தால் 3,200 பவுண்டு. hp குதிரைத்திறன். அலைக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது நாம் விளக்க நினைக்கும் அளவு, வலப்பக்கம் இருப்பவை அதை விளக்கும் என்று நாம் நினைக்கும் மாறிகள்.

முதல் மாதிரியில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வெட்டுத்துண்டு 17.147, am-இன் கெழு 7.245. ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரியும், மேனுவல் கார்கள் அதைவிட எவ்வளவு முன்னே இருக்கின்றன என்பதும் அப்படியே வந்து நிற்கின்றன. summary(m2) என்று கேட்டால் வருவதுதான் விஷயம்:

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) 37.32155    3.05464  12.218 5.84e-13
am          -0.02362    1.54565  -0.015    0.988
wt          -5.35281    0.78824  -6.791 1.87e-07
```

wt வரியிலிருந்து தொடங்குவது எளிது. அதன் கெழு -5.35. கியர் வகை ஒன்றாகவே இருக்கும் இரண்டு கார்களை எடுத்துக்கொண்டால், 1,000 பவுண்டு கூடுதலாக எடையுள்ள கார் சராசரியாக 5.35 மைல் குறைவாகத் தருகிறது என்று பொருள். ‘கியர் வகை ஒன்றாகவே இருக்கும்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டுச் சொன்னால் அந்த வாக்கியம் தவறாகிவிடும். அதே நிபந்தனை am வரிக்கும் பொருந்தும். ஒரே எடையுள்ள ஒரு மேனுவல் காரையும் ஒரு ஆட்டோமேட்டிக் காரையும் ஒப்பிட்டால், மேனுவல் சராசரியாக 0.02 மைல் குறைவு, அதாவது கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

அப்படியானால் அந்த 7 மைல்? அது எடையின் பெயரில் இருந்தது. இந்தப் பட்டியலில் ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி எடை 3,769 பவுண்டு, மேனுவல் கார்களுடையது 2,411 பவுண்டு. லிங்கன் கான்டினென்டல், காடிலாக் ஃப்ளீட்வுட் போன்ற 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட பெருவண்டிகள் எல்லாம் ஆட்டோமேட்டிக். லோட்டஸ் யூரோப்பா, ஹோண்டா சிவிக் போன்ற குட்டிக் கார்கள் மேனுவல். எடை வித்தியாசம் 1.358 ஆயிரம் பவுண்டு. அதை 5.353-ஆல் பெருக்கினால் 7.27. அதில் கியரின் பங்கான 0.02-ஐக் கழித்தால் முதல் மாதிரி சொன்ன 7.245 அப்படியே கிடைக்கும். இது தோராயமான பொருத்தம் அல்ல. தசம இடங்களை விடாமல் கணக்கிட்டால் கடைசி இலக்கம் வரை சேரும். ஒரு மாறியை மாதிரியில் சேர்க்காமல் விட்டால் அதன் வேலை, அதோடு சேர்ந்து நகரும் இன்னொரு மாறியின் கணக்கில் போய் விழுந்துவிடும்.

‘மற்றவை மாறாமல் இருக்கும்போது’ என்ற தொடரைப் பாடப்புத்தகங்கள் சட்டென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உண்மையில் யாரும் எந்தக் காரின் எடையையும் மாறாமல் பிடித்து வைக்கவில்லை. R ஒரே எடையுள்ள கார்களை ஜோடி ஜோடியாகத் தேடுவதும் இல்லை. அது செய்வதை மூன்று வரிகளில் நேரடியாகவே பார்க்கலாம்.

```r
a <- resid(lm(mpg ~ wt, data = mtcars))
b <- resid(lm(am ~ wt, data = mtcars))
coef(lm(a ~ b))
```

முதல் வரி, மைலேஜில் எடையால் விளக்கக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டு எஞ்சியதை எடுக்கிறது. இரண்டாவது வரி கியரிலும் அதையே செய்கிறது: இந்த எடைக்கு இந்தக் கார் மேனுவலாக இருப்பது எதிர்பார்த்ததா, எதிர்பாராததா என்பதை ஒரு எண்ணாக்குகிறது. கடைசி வரி இந்த இரண்டு எச்சங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறது. திரையில் b-க்கு நேராக வரும் எண் -0.0236. இரண்டாம் மாதிரியில் am-க்கு வந்த அதே எண். 1933-ல் ராக்னர் ஃப்ரிஷும் ஃபிரெடரிக் வாவும் எழுதிய கட்டுரையிலிருந்து அவர்கள் பெயராலேயே அறியப்படும் தேற்றம் இது.

இதைப் பார்த்த பிறகு am-இன் கெழு எந்தக் கார்களிடமிருந்து வருகிறது என்பது தெளிவாகிறது. எடையைப் பார்த்தே கியரை ஊகித்துவிடக்கூடிய கார்கள் இதில் அதிகம் பேசுவதில்லை. எடைக்கு மாறான கியர் கொண்ட கார்கள்தான் உரக்கப் பேசுகின்றன. அப்படிப்பட்டவை எத்தனை? 3,000 பவுண்டுக்கு மேல் உள்ள மேனுவல் கார்கள் இரண்டே இரண்டு: 3,170 பவுண்டு ஃபோர்டு பான்டெரா, 3,570 பவுண்டு மசெராட்டி போரா. 3,000-க்குக் கீழ் ஆட்டோமேட்டிக் ஒன்றே ஒன்று: 2,465 பவுண்டு டொயோட்டா கொரோனா. ‘எடை மாறாமல் இருக்கும்போது’ என்ற ஒப்பீடு பெருமளவுக்கு இந்த மூன்று கார்களின் மீதும், எடைக்கும் மைலேஜுக்கும் உள்ள உறவு நேர்கோடுதான் என்ற அனுமானத்தின் மீதும் நிற்கிறது. அட்டவணையில் இது எங்கும் எழுதியிருக்காது. ஆனால் எடையைக் கிடை அச்சிலும் மைலேஜை நிலை அச்சிலும் வைத்து, கியருக்கு ஒரு நிறம் கொடுத்து ஒரு படம் போட்டால், ஒரு நிறம் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் ஒதுங்கி நிற்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கெழுவை நம்புவதற்கு முன் போட வேண்டிய படம் அது.

அட்டவணைக்குள்ளேயும் ஒரு குறிப்பு இருக்கத்தான் செய்கிறது, Std. Error என்ற திட்டப்பிழைப் பத்தியில். am-இன் கெழு -0.02, அதன் திட்டப்பிழை 1.55. கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தால் வருவது t value, இங்கே -0.015. கடைசிப் பத்தி பி மதிப்பு: எடை ஒன்றாக இருக்கும்போது கியருக்கும் மைலேஜுக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய t தற்செயலாகவே வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அது. இங்கே 0.988. wt-க்கு 1.87e-07 என்று இருப்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும். e-07 என்றால் புள்ளியை ஏழு இடம் இடப்பக்கம் நகர்த்து என்று அர்த்தம், ஆக 0.000000187.

0.988-ஐப் பார்த்துவிட்டு ‘கியரால் மைலேஜுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுபவர்கள் ஏராளம். இந்த அட்டவணையை வைத்துச் செய்யப்படும் தவறுகளில் மிகவும் பரவலானது இதுதான். confint(m2) என்று கேட்டால் am-க்கு R தரும் 95 சதவீத இடைவெளி -3.18-லிருந்து 3.14 வரை. மேனுவல் 3 மைல் மோசமாக இருப்பதற்கும், 3 மைல் மேலாக இருப்பதற்கும் இந்தத் தகவல்கள் இடம் கொடுக்கின்றன. கெழு பூஜ்யத்தின் அருகே வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கேலனுக்கு 17 மைல் தரும் காருக்கு 3 மைல் என்பது சின்ன வித்தியாசம் அல்ல.

இப்போது அந்த மூன்று கார்களிடம் திரும்பினால் இன்னொன்று கண்ணில் படும். பான்டெராவின் எடைக்கு மிக நெருங்கிய எடையுள்ள ஆட்டோமேட்டிக் கார்களில் ஒன்று மெர்சிடிஸ் 230. இது 3,150 பவுண்டு, அது 3,170. மெர்சிடிஸ் தந்தது 22.8 மைல், பான்டெரா 15.8. ஆட்டோமேட்டிக்கே மேல் என்று சொல்லிவிடலாமா? மெர்சிடிஸின் எஞ்சின் 95 குதிரைத்திறன், பான்டெராவுடையது 264. மசெராட்டியோ 335, பட்டியலிலேயே அதுதான் அதிகம். எடை கூடிய மேனுவல் கார்கள் இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார் வகை. எடையை ஒன்றாக்கியபோது எஞ்சின் பலம் ஒன்றாகவில்லை. இன்னும் விலகிப் போய்விட்டது. ஆகவே மூன்றாம் மாதிரி.

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) 34.002875   2.642659  12.867 2.82e-13
am           2.083710   1.376420   1.514 0.141268
wt          -2.878575   0.904971  -3.181 0.003574
hp          -0.037479   0.009605  -3.902 0.000546
```

am-இன் கெழு இப்போது 2.08. எடையும் ஒன்று, குதிரைத்திறனும் ஒன்று என்றால், மேனுவல் கார் சராசரியாக 2 மைல் அதிகம் தருகிறது. இரண்டாம் மாதிரியில் இந்த 2 மைலை மறைத்தது எது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். வெறும் சராசரியில் மேனுவல் கார்களின் குதிரைத்திறன் ஆட்டோமேட்டிக்கைவிட 33 குறைவு. ஆனால் எடையை ஒன்றாக்கிப் பார்த்தால் மேனுவலுக்கு 56 அதிகம், குறியே தலைகீழாகிவிடுகிறது. 56-ஐ 0.0375-ஆல் பெருக்கினால் 2.1 மைல். மேனுவலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 2 மைலை அதன் பெரிய எஞ்சின்கள் சாப்பிட்டுவிட்டன, அதனால்தான் பூஜ்யம் வந்தது.

இதை அறுதியான விடை என்று எடுத்துக்கொள்வதற்கும் இல்லை. 2.08-க்கு இடைவெளி -0.74-லிருந்து 4.90 வரை. பூஜ்யமும் அதற்குள் இருக்கிறது, 5 மைலும் கிட்டத்தட்ட இருக்கிறது. 32 கார்களால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

hp வரியைப் பார்த்ததும் பலர் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுவார்கள், 0.037 அத்தனை சின்ன எண். ஆனால் அது ஒரே ஒரு குதிரைத்திறனுக்கானது. பட்டியலில் குதிரைத்திறன் 52-லிருந்து 335 வரை பரந்திருக்கிறது. 100 குதிரைத்திறன் கூடினால் 3.7 மைல் குறைகிறது. எடையை ஆயிரம் பவுண்டில் எழுதாமல் ஒற்றைப் பவுண்டில் எழுதியிருந்தால், wt-இன் கெழுவும் -0.0029 என்று சுருங்கியிருக்கும். காரின் மைலேஜில் ஒரு துளி மாற்றமும் வந்திருக்காது. கெழுக்களின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ‘இதுதான் முக்கியமான மாறி’ என்று தீர்ப்பு சொல்வது அலகை மறந்துவிடுவதால் வரும் பிழை.

வெட்டுத்துண்டு 34.0 என்பது எடையே இல்லாத, குதிரைத்திறனே இல்லாத ஒரு ஆட்டோமேட்டிக் காரின் மைலேஜ். அப்படி ஒரு கார் கிடையாது. கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்பதற்கு மேல் அந்த எண்ணில் எதையும் தேட வேண்டியதில்லை.

மாதிரி ஒரு காரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. டொயோட்டா கொரோலா: மேனுவல், 1,835 பவுண்டு, 65 குதிரைத்திறன். 34.00-உடன் மேனுவலுக்காக 2.08-ஐக் கூட்டி, எடைக்கு 5.28, குதிரைத்திறனுக்கு 2.44 கழித்தால் 28.4 மைல். கொரோலா உண்மையில் தந்தது 33.9. மாதிரி 5.5 மைல் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. summary-இன் மேற்பகுதியில் Residuals என்ற தலைப்பின் கீழ் Max-க்கு நேராக இருக்கும் 5.53 இந்தக் கார்தான். கீழே வரும் Residual standard error, 2.538, மாதிரி ஒரு காருக்கு வழக்கமாக எவ்வளவு தவறுகிறது என்பதை மைலிலேயே சொல்கிறது. கொரோலாவில் அதைப் போல இரு மடங்குக்கும் மேல் தவறியிருக்கிறது. மிக எடை குறைந்த கார்களில் மாதிரி இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறது என்றால், எடையின் விளைவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. plot(m3) தரும் முதல் படம் இதைத்தான் காட்டும்.

அட்டவணையின் அடியில் R-squared என்ற எண்ணும் இருக்கும். கியர் மட்டும் இருந்தபோது 0.36, எடை சேர்ந்ததும் 0.753, குதிரைத்திறனும் சேர்ந்ததும் 0.840. எந்த மாறியைச் சேர்த்தாலும் இது குறையவே குறையாது, அதனால் இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பக்கத்தில் இருக்கும் Adjusted R-squared, சேர்க்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு விலை வைக்கிறது. எடையை மட்டும் வைத்தால் அது 0.745, அதோடு கியரையும் சேர்த்தால் 0.736 ஆகக் குறைந்துவிடுகிறது.

இதற்கு மேல் வரும் கேள்விக்கு R விடை சொல்லாது. எடையின் கெழு இரண்டாம் மாதிரியில் -5.35, மூன்றாவதில் -2.88. எது சரி? கனமான காரை இழுக்கப் பெரிய எஞ்சின் தேவை, பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும். எடை கூடுவதால் எஞ்சின் வழியாக வரும் இழப்பும் கணக்கில் சேர வேண்டும் என்று கேட்பவர் குதிரைத்திறனை மாறாமல் வைக்கக் கூடாது. வைத்தால், தான் அளக்க வந்ததிலேயே ஒரு பங்கை வெட்டி எறிந்தவராவார். அதே எஞ்சினோடு காரின் எடையை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு மூன்றாம் மாதிரியின் எண்தான் பொருத்தம். எதை மாறாமல் வைப்பது என்ற முடிவைக் கார்களைப் பற்றிய அறிவிலிருந்துதான் எடுக்க வேண்டும், பி மதிப்பிலிருந்து அல்ல.

இதுவரை பார்த்த மாதிரிகள் எல்லாம் கியரின் விளைவு எல்லா எடையிலும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றால், கூட்டல் குறிக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டு lm(mpg ~ am * wt, data = mtcars) என்று எழுதலாம். உடனே am-இன் கெழு 14.88 என்று வந்து நிற்கும். மேனுவலுக்கு 15 மைல் லாபம் என்று அதைப் படித்தால் பெரும் தவறு. இந்த மாதிரியில் அந்த எண் எடை பூஜ்யமாக இருக்கும்போது உள்ள வித்தியாசம். கூடவே வரும் am:wt-இன் கெழு -5.30, ஒவ்வோர் ஆயிரம் பவுண்டுக்கும் அந்த லாபம் எவ்வளவு கரைகிறது என்பதைச் சொல்கிறது. 14.88-ஐ 5.30-ஆல் வகுத்தால் 2.81. அதாவது 2,800 பவுண்டு அளவில் லாபம் தீர்ந்து, அதற்கு மேல் மேனுவல் கார் பின்தங்கத் தொடங்குகிறது. ஆனால் 3,000-க்கு மேல் இருக்கும் மேனுவல் கார்கள் பான்டெராவும் மசெராட்டியும் மட்டுமே என்பதை இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும். கோட்டின் அந்த முனையைக் கீழே இழுப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான்.

am-இன் கெழுவைப் படிக்கக்கூடியதாக ஆக்க, wt என்று இருக்கும் இடத்தில் I(wt - 3) என்று எழுதினால் போதும். பூஜ்யம் என்பது இப்போது 3,000 பவுண்டு, பட்டியலின் நடுப்பகுதியில் இருக்கும் உண்மையான எடை. 14.88 இருந்த இடத்தில் -1.02 வரும். ஒரு காருக்கும் மாதிரி சொல்லும் மைலேஜ் மாறியிருக்காது, எச்சங்களும் R-squared-உம் அப்படியே இருக்கும்.